வெந்நீர் வால்வின் அலைவு: அதன் ஊற்றைத் தேடி

குளிர்நாடுகளின் பெரிய கட்டடங்களில் அறைகளுக்குச் செல்லும் காற்றைச் சூடாக்கச் செப்புக் குழாய்ச் சுருள் ஒன்றின் வழியே வெந்நீரைச் செலுத்துவதும், அந்த நீரின் அளவை மோட்டார் பொருத்திய வால்வு ஒன்றால் கூட்டிக் குறைப்பதும் வழக்கம். சுருளைக் கடந்து வரும் காற்றின் வெப்பநிலையைச் சென்சார் அளக்க, கட்டுப்படுத்தி அதைக் குறித்த வெப்பநிலையோடு ஒப்பிட்டு வால்வை நகர்த்துகிறது. காற்று 21 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய இடத்தில் 16க்கும் 26க்கும் இடையே ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி, வால்வும் முழுத் திறப்புக்கும் முழு மூடலுக்கும் இடையே ஓயாமல் ஓடுமானால், அதற்கு அலைவு என்று பெயர். எடுத்துக்காட்டாக இங்கே ஆராயப்படும் வால்வின் கட்டுப்படுத்தியில் விகிதப் பட்டை 5 டிகிரி என்றும், தொகையீட்டு நேரம் 20 வினாடி என்றும் பதிந்திருப்பதாகக் கொள்ளலாம்.

வால்வை முழு மூடலிலிருந்து முழுத் திறப்புக்குக் கொண்டுசெல்ல வெப்பநிலை எவ்வளவு மாற வேண்டுமோ அந்த அகலமே விகிதப் பட்டை. பட்டை 5 டிகிரி என்றால், ஒரு டிகிரி விலகலுக்கு வால்வு 20 சதவீதம் நகரும். பட்டை 20 டிகிரி என்றால் அதே விலகலுக்கு 5 சதவீதமே நகரும். ஆகவே பட்டை குறுகக் குறுகக் கட்டுப்பாடு கடுமையாகிறது. ஆனால் விலகலுக்கு ஏற்ற அளவே வால்வு நகரும் என்றால், சுமை மாறும்போது வெப்பநிலை குறித்த இடத்துக்குச் சற்று அப்பாலேயே நின்றுவிடும். அந்த எச்ச விலகலைத் தொடக்க காலத்தில் பணியாளரே கையால் திருகிச் சரிசெய்தார். அந்த வேலையைக் கருவியே செய்யத் தொடங்கியபோது பிறந்ததுதான் தொகையீட்டுச் செயல். விலகல் மாறாமல் நிற்கும்போது, விகிதச் செயல் வால்வை நகர்த்திய அதே அளவை இன்னொரு முறை நகர்த்தத் தொகையீட்டுச் செயல் எடுத்துக்கொள்ளும் காலமே தொகையீட்டு நேரம் எனப்படுகிறது. இந்த எண் சிறிதானால் வால்வு விரைந்து தள்ளப்படும், பெரிதானால் பொறுமையாக. சில கருவிகள் இதையே நிமிடத்துக்கு எத்தனை முறை என்று தலைகீழாகக் கேட்கும். அங்கே 20 வினாடி என்பது 3 ஆகிவிடுவதால், எண்ணைக் கூட்டினால் அலைவு தணியும் என்று நம்பிக் கூட்டுபவர் அதை வளர்க்கவே செய்வார்.

அலைவின் ஊற்றைத் தேடுவோர் இந்த இரண்டு எண்களிலும் கைவைப்பதற்கு முன் கட்டுப்படுத்தியைக் கைமுறைக்கு மாற்றி, வால்வை ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் வெப்பநிலை ஏறி இறங்கினால், குற்றம் இந்தக் கட்டுப்படுத்தியின்மேல் இல்லை. கொதிகலனிலிருந்து வரும் நீரின் வெப்பநிலையோ அழுத்தமோதான் ஆடுகிறது, எனவே தேடல் அங்கே செல்ல வேண்டும். அலைவு நின்றுவிட்டால், அடுத்ததாக வால்வின் தண்டு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கைமுறையிலேயே கட்டளையை ஒவ்வொரு சதவீதமாகக் கூட்டிக்கொண்டே போகும்போது தண்டு சில படிகளுக்கு அசையாமல் இருந்து, பிறகு ஒரே தாவாகத் தாவினால், அடைப்புப் பொதியோ இணைப்போ பழுதுபட்டிருக்கிறது என்று பொருள். இத்தகைய வால்வுக்கு எந்த எண்ணும் மருந்தாகாது. பட்டையை விரித்தால் அலையின் காலம் நீளுமே தவிர அலை மறையாது.

தண்டு சீராக நகர்கிறது என்று தெரிந்த பின்னரே சந்தேகம் எண்களை நோக்கித் திரும்புகிறது. இங்கே பலர் தொகையீட்டு நேரத்தை மட்டுமே குற்றவாளியாக்கிவிடுகின்றனர். நமது எடுத்துக்காட்டில் தொகையீட்டுச் செயலை முற்றிலும் அணைத்த பின்னும் அலைவு நிற்கவில்லை. அதன் காலம் மட்டும் ஒன்றேகால் நிமிடத்திலிருந்து 55 வினாடியாகச் சுருங்குகிறது. ஆகவே பட்டையே அளவுக்கு மீறிக் குறுகியிருக்கிறது. தொகையீடு அதை மேலும் கெடுத்திருக்கிறது. பட்டையைச் சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே போனால், ஏறத்தாழ 5.8 டிகிரியில் அலை வளராமலும் தணியாமலும் ஒரே அளவில் நீடிக்கும். இது எல்லைப் பட்டை. அப்போதுள்ள 55 வினாடி எல்லைக் காலம்.

இந்த இரண்டு அளவுகளிலிருந்து அமைப்பு எண்களைக் கணக்கிடும் முறை 1942இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலிருந்த டெய்லர் கருவி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் சீக்லர், நதானியேல் நிக்கல்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வுரையிலிருந்து வருகிறது. காற்றழுத்தத்தால் இயங்கிய கட்டுப்படுத்திகளின் காலத்து விதி அது. அதன்படி விகிதமும் தொகையீடும் சேர்ந்து இயங்கும் கட்டுப்படுத்திக்கு, எல்லைப் பட்டையை 2.2 மடங்காக விரித்து, எல்லைக் காலத்தை 1.2ஆல் வகுக்க வேண்டும். நமது வால்வுக்குப் பட்டை ஏறத்தாழ 13 டிகிரி, தொகையீட்டு நேரம் 46 வினாடி என்று விடை கிடைக்கிறது. இவ்விருவரும் நல்ல கட்டுப்பாடு என்று கருதியது, ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகக் குறையும் நிலையை. அதாவது, இந்த விதி அலைவை நீக்குவதற்காக எழுதப்பட்டதன்று. ஓரளவு அலைவை ஏற்றுக்கொண்டு, இடையூறு வந்தால் விரைந்து மீள்வதற்காக எழுதப்பட்டது. இன்றும் பல கையேடுகள் அதை அப்படியே அச்சிடுவதால், இந்த நோக்கம் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

வெந்நீர்ச் சுருளில் இது ஏன் ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுருள் தரும் வெப்பம் நீரின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. முதலில் பாயும் சிறிதளவு நீரே வெப்பத்தின் பெரும்பங்கைக் கொடுத்துவிடுகிறது. இதை ஈடுசெய்வதற்காகவே தொடக்கத்தில் மெதுவாகத் திறக்கும் வால்வுகள் செய்யப்படுகின்றன. ஆனால் தேவைக்கு மீறிய பெரிய வால்வைப் பொருத்திவிட்டால் அது எப்போதும் மூடலை ஒட்டியே வேலைசெய்து அந்தப் பயனை இழக்கிறது. கடுங்குளிரில் 10 சதவீத வால்வு நகர்வுக்கு 4 டிகிரி உயர்ந்த காற்று, மிதமான நாளில் அதே நகர்வுக்கு 8 டிகிரி உயரலாம். 13 டிகிரிப் பட்டையும் 46 வினாடியும் குளிர்காலத்தில் அலையைத் தணித்துக்கொண்டிருந்தாலும், உணர்திறன் இப்படி இரட்டிப்பாகும்போது அலை அடங்காமல் நிலைத்துவிடும். குளிர்காலத்தில் அமைதியாக இருந்த வால்வு வசந்தத்தில் ஆடத் தொடங்குவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே வேண்டுமென்றே அலையை எழுப்பிப் பார்க்காமல், கைமுறையில் வால்வை 40 சதவீதத்திலிருந்து 50க்கு ஒரே படியாக நகர்த்தி, வெப்பநிலையை வினாடிக் கணக்கில் குறித்துக்கொள்வது மேலானது. நமது சுருளில் 15 வினாடி வரை எதுவும் நிகழ்வதில்லை. இது தாமத நேரம். பிறகு மொத்த 4 டிகிரி உயர்வில் 63 சதவீதத்தை, அதாவது 2.5 டிகிரியை, எட்ட மேலும் 60 வினாடி ஆகிறது; இது காலமாறிலி. நார்வேயைச் சேர்ந்த சிகுர்ட் ஸ்கோகெஸ்டாட் 2003இல் வெளியிட்ட விதி இத்தகைய பதிவிலிருந்து தொடங்குகிறது. ஒரு சதவீதத்துக்கு 0.4 டிகிரி என்பதைத் தாமத நேரத்தின் இருமடங்கான 30ஆல் பெருக்கி, காலமாறிலியான 60ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் பட்டை 20 டிகிரி என்று வருகிறது. தொகையீட்டு நேரமாகக் காலமாறிலியான 60 வினாடியையே வைக்கலாம். உணர்திறன் இரட்டித்தாலும் இந்த அமைப்பு எல்லையை மீறுவதில்லை. அலை எழுந்தாலும் தணிந்துவிடும்.

இந்தச் சோதனையைக் கடுங்குளிரில் மட்டும் செய்து முடித்துக்கொள்ளக் கூடாது. மிதமான நாளில், வால்வு சிறிதே திறந்திருக்கும் நிலையில், அதை இன்னொரு முறை செய்து, இரண்டில் அகலமான பட்டை எதுவோ அதையே கட்டுப்படுத்தியில் பதிய வேண்டும்.