படித்த கடிதம்

என்னோடு மதுரையில் பி.காம். படித்தவர்களில் பாதிப் பேர் பேங்கில், மீதிப் பேர் கடைகளில். கணக்கு எழுதத் தெரியாமல் பத்திரிகைக்கு வந்தது நான் ஒருத்தன்தான். அட்டென்டன்ஸில் எனக்கு அடுத்த பெயர்க்காரன் இருபது வருஷமாக ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கப்பிள்ளை. பெயின்ட், பைப், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் விற்கிற பெரிய கடை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கல்லாச் சாவி அண்ணாச்சியிடம், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு இவனிடம். அவ்வளவு நம்பிக்கை.

2024 டிசம்பர் 9-ம் தேதி, திங்கட்கிழமை. பெயின்ட் சப்ளையருக்குக் கொடுத்த செக் திரும்பி வந்துவிட்டது. அக்கவுன்ட்டில் பணம் இருக்கிறது, ஆனால் செக் பாஸாகவில்லை. பேங்குக்குப் போன் போட்டால், ‘ஜி.எஸ்.டி. ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்கு சார், உங்க அக்கவுன்ட்டை நிறுத்தி வெச்சிருக்கோம்’ என்கிறார்கள். அண்ணாச்சி இவனைப் பார்க்க, இவன் அண்ணாச்சியைப் பார்த்திருக்கிறான். மாதம் தவறாமல் ரிட்டர்ன் போடுகிற கடை அது. ஒரு நாள் லேட் ஃபீ கட்டியதில்லை என்பது இவன் பெருமை.

ஜி.எஸ்.டி. போர்ட்டலைத் திறந்தான். அதில் நோட்டீஸ் பார்க்க ‘View Notices and Orders’ என்று ஒரு இடம் உண்டு. அங்கே ஒன்றுமில்லை. ஆடிட்டர்தான் போனில் சொன்னார், ‘அது இல்லப்பா, User Services-க்குள்ள View Additional Notices/Orders-னு இன்னொண்ணு இருக்கு பாரு.’ ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். தபால்காரர் எந்த வாசலில் போடுவார் என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. இரண்டாவது வாசலில் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. 2023 டிசம்பரில் விளக்கம் கேட்டு ASMT-10. 2024 மே மாதம் ஷோகாஸ் நோட்டீஸ், DRC-01. ஜூலையில் நேரில் வரச் சொல்லி ஒரு கடிதம். கடைசியாக ஆகஸ்ட் 20 தேதியிட்ட உத்தரவு, DRC-07. வரி 1,84,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 18 சதவிகித வட்டியும், அபராதம் 20,000-மும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு மேல்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2019 ஜூன், ஜூலையில் வாங்கிய மூன்று லோடு பைப். சப்ளையர் வரியை வாங்கிக்கொண்டு ஒழுங்காக அரசாங்கத்துக்குக் கட்டியும் விட்டார். ஆனால் தன் ரிட்டர்னில் அந்த பில்களைக் கடையின் ஜி.எஸ்.டி. நம்பர் போடாமல், சில்லறை விற்பனை மாதிரி காட்டிவிட்டார். அதனால் கடை எடுத்துக்கொண்ட வரிக் கழிவு, கடையின் பெயரில் போர்ட்டல் காட்டுகிற பட்டியலில் இல்லை. ‘இல்லாத வரியை எப்படிக் கழித்தாய்?’ என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து பில்களில் இந்த மாதிரி தப்பு நடந்திருந்தால், ஐந்து லட்சத்துக்குள் இருக்கும்வரை சப்ளையரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும் என்று 2022-லும் 2023-லும் சர்க்குலரே வந்திருக்கிறது. முதல் நோட்டீஸுக்கே ஒரு தாளில் பதில் எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

சரி, போர்ட்டலில் பார்க்கவில்லை. மெயில்? அரசாங்கம் மெயிலும் அனுப்புமே?

அன்று ராத்திரி எல்லோரும் போனபிறகு கடையின் ஜிமெயிலில் தேடும் பெட்டியில் இப்படி அடித்திருக்கிறான்:

```
from:gst.gov.in
```

முந்நூற்றுச் சொச்சம் மெயில். எல்லாம் ‘GST’ என்று ஒரு லேபிளுக்குள். அந்த ஐந்தாறு நோட்டீஸ் மெயில்களும் அதற்குள்தான். Settings-க்குப் போய், ‘Filters and Blocked Addresses’ என்பதைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது என்றான். gst.gov.in-லிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸுக்கு வரவேண்டாம், படித்ததாகக் குறி, இந்த லேபிளில் போடு. அப்படி ஒரு ஃபில்டர். போட்டது வேறு யாருமில்லை, இவனேதான். ஃபில்டரில் தேதி இருக்காது. லேபிளின் அடியில் கிடந்த பழைய மெயிலை வைத்து 2017 ஜூலை, ஆகஸ்ட் என்று கணக்குப் போட்டான். ஜி.எஸ்.டி. வந்த புதிது. ஓ.டி.பி., ரிட்டர்ன் போட்டதற்கு ரசீது என்று மெயிலாகக் குவிந்து, சப்ளையர் அனுப்புகிற விலைப்பட்டியல் அதில் தொலைந்துபோக, ஒரு மத்தியானம் ஒதுக்கிவைத்திருக்கிறான். அப்புறம் மறந்தே போனான்.

ஏழு வருஷம் எப்படித் தெரியாமல் போகும்? தெரியாது. ஏனென்றால் எதுவும் குறையவில்லை. ஓ.டி.பி. அண்ணாச்சியின் செல்லுக்கும் வந்துவிடும். அவர் கல்லாவிலிருந்து ஆறு நம்பரையும் சத்தமாகப் படிப்பார், இவன் அடிப்பான். ரசீதைப் போர்ட்டலிலேயே பார்த்துக்கொள்ளலாம். எஸ்.எம்.எஸ். ஏதாவது வந்திருந்தால் அது அண்ணாச்சி செல்லில் நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே போயிருக்கும்.

பத்து மணிக்கு எனக்குப் போன். ‘ஒரு கிளிக்டா. டெலீட் அடிச்சா ஃபில்டர் போயிரும். போர்ட்டல்ல வேற எடத்துல போட்டுட்டாங்கன்னு சொல்லிக்கலாம். அதுவும் பொய்யில்லையே?’

பொய்யில்லைதான். அந்த இரண்டாவது வாசலில் நோட்டீஸ் போனதால் தெரியாமல் போயிற்று என்று அந்த வருஷம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்கும்படி உத்தரவும் வாங்கியிருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இவனும் நின்றுகொள்ளலாம். நான் அவனுக்கு நல்ல புத்தி சொன்னேன் என்று எழுத ஆசைதான். ‘காலையில பேசிக்கலாம், தூங்கு’ என்றேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

அவனைக் காப்பாற்றியது வேறு ஒரு பயம். ஃபில்டர் அந்த மெயில்களைப் படித்ததாகக் குறித்திருந்தது அல்லவா? படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். இவை எல்லாம் மெலிந்த எழுத்தில், திறந்து பார்த்து மூடியவை போலவே இருந்தன. ஃபில்டரை அழித்துவிட்டால், அண்ணாச்சி பார்த்தாலும் அதிகாரி பார்த்தாலும், எல்லா நோட்டீஸையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தவன் இவன் என்றுதான் நினைப்பார்கள். அவனைக் கவிழ்த்த அந்த ஃபில்டர்தான் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி. அதைப் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, காலையில் கல்லாவில் வைத்துவிட்டான்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். ‘படிச்சதுன்னு காட்டுதே தம்பி?’ என்றாராம். இவன் மறுபடி முதலிலிருந்து விளக்கினான். அவருக்குப் பாதி புரிந்தது. மீதியை இவன் முகத்தைப் பார்த்து நம்பியிருக்க வேண்டும். திட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க டீ குடிக்கக் கூப்பிடவும் இல்லை. அதை இவன் இன்னும் சொல்கிறான்.

அப்பீலுக்கு மூன்று மாதம், நவம்பர் 20-ல் முடிந்திருந்தது. காரணம் சொன்னால் அதற்கு மேல் ஒரு மாதம் தாமதத்தைப் பொறுக்கலாம். மிச்சம் பத்து நாள். ஆடிட்டர் இன்னொரு வழியும் சொன்னார். அப்போது ஒரு தள்ளுபடித் திட்டம் இருந்தது. 2019-20 வரைக்குமான இந்த மாதிரி உத்தரவுகளுக்கு, 2025 மார்ச் 31-க்குள் வரியை முழுசாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் கிடையாது. ஆனால் அப்பீல் போகக்கூடாது. ‘1,84,000-த்தோட போயிரும் அண்ணாச்சி.’ அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பைப்புக்கு ஒருவாட்டி வரி குடுத்தாச்சு. திருடன் மாதிரி எதுக்கு மறுவாட்டி?’

தாமத மனுவில் போர்ட்டலை மட்டும் எழுதலாம் என்றார் ஆடிட்டர். இவன் ஃபில்டரையும் எழுதச் சொன்னான். யோசித்துவிட்டு ஆடிட்டரும் சரி என்றார். பதிவு செய்த முகவரிக்கு மெயில் அனுப்பினாலே சட்டப்படி நோட்டீஸ் கொடுத்ததாகக் கணக்கு. மெயில் வரவில்லை என்று எழுதி, அனுப்பிய பதிவை அவர்கள் காட்டினால் மனுவே பொய்யாகிவிடும். சப்ளையரைத் தேடிப்பிடித்து, அஞ்சு வருஷத்துக்கு முந்தின பில்களைத் தோண்டச் சொல்லிச் சான்று வாங்க நாலு நாள். வரியில் பத்து சதவிகிதம், 18,400 ரூபாய் கட்டி, டிசம்பர் 16-ல் அப்பீல் போட்டார்கள். அப்படிக் கட்டினால் மீதி வசூல் நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதத்தைக் காட்டி, பேங்க் அக்கவுன்ட்டைத் திறக்க வைத்தார்கள். தாமதத்தைப் பொறுத்து, சான்றையும் ஏற்று, அடுத்த வருஷம் உத்தரவு ரத்தானது.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ஒரு சடங்கு. இவன் போர்ட்டலைத் திறந்து இரண்டு இடத்தையும் பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுகிறான். போன மாதம் போயிருந்தபோது நானே பார்த்தேன். கல்லாவிலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

‘தம்பி, ரெண்டு வாசலும் பாத்தாச்சா?’

‘பாத்தாச்சு அண்ணாச்சி.’

‘அப்ப வா, டீ வந்திருச்சு.’