தாளில் இரண்டு பட்டியல்

மெட்ஃபார்மின் தாளில் வயிற்றுப்போக்கு ஒரு பக்கவிளைவு. மாத்திரை போட்ட பிறகு வரலாம், வராமலும் போகலாம்; சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜார்ஜ்டவுனில் என் அம்மா அதைப் படித்துத்தான் பயந்தார்: "வயித்தால போகுமாமே, நிறுத்திடவா?"

நான் பயந்தது வேறு வரிக்கு. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்கள் சாப்பிடவே கூடாது. இது முரண்குறிப்பு, மருந்து உள்ளே போகும் முன்பே உடம்பில் இருக்கும் தடை. மெட்ஃபார்மின் சிதையாமல் சிறுநீரில்தான் வெளியேறும். வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இறங்கினால் மருந்து தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

அம்மாவின் கடைசி ரிப்போர்ட்டில் 62. "போடலாம்மா" என்றேன். போக்கு நிற்காமல் உடம்பு வறண்டால் மட்டும் உடனே கிளினிக்குக்குப் போன் பண்ணணும். நீர்வற்றலும் முரண்குறிப்புப் பட்டியலில்தான் இருக்கிறது.