35 என்ற விடை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆரம்பப் பிரிவில் கணிதம் படிப்பிக்கிற டீச்சர்மார், சேர்மார் நேரம் இருக்கும்போது வாசியுங்கள். என் பிழை ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

போன தவணை என் தரம் 3 பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கணிதத்தாள் தயாரித்தேன். ஏழு வயதுப் பிள்ளைகள், நிறைய எழுதச் சொன்னால் களைத்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் பல்தேர்வு வினாவாகவே போட்டேன். நாலாவது வினா இது:

42 − 17 = ?
(1) 25  (2) 35  (3) 59

பிழையான விடைகளைச் சும்மா போடவில்லை. கழிக்காமல் கூட்டிவிட்ட பிள்ளைக்கு 59 வரும். பத்தைக் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு 35 வரும். நல்ல வினா என்று எனக்கே ஒரு திருப்தி.

31 பேரில் 11 பேர் 35 ஐத் தெரிவு செய்திருந்தார்கள். பதினொரு பேருக்கும் கடன் வாங்கத் தெரியவில்லை என்று முடிவெடுத்து, இரண்டு வாரம் தனியாக இருத்திப் படிப்பித்தேன். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக இறப்பர் பட்டி போட்டுக் கட்டி, மேசையில் வைத்து, ஒவ்வொரு படியாகக் காட்டினேன். பாதிப்பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மகள் மட்டும் அசையவே இல்லை. கெட்டிக்காரி, எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அவளுடைய கொப்பியில் 'கவனக் குறைவு' என்று சிவப்பால் எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் உம்மா வந்து நின்றார். "வீட்டுல இருத்தி வெச்சி நல்லா ஏசிட்டேன் டீச்சர். இனிக் கவனமாச் செய்வாள்." மகள் உம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இடைவேளையில்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பக்கத்தில் இருத்தி, "மகள், இத எப்படிச் செஞ்சீங்க? எனக்குச் சொல்லித் தாங்க" என்றேன்.

"ரெண்டுல இருந்து ஏழு போகாது டீச்சர். பத்து எடுத்தா பன்னிரண்டு. பன்னிரண்டுல ஏழு போனா அஞ்சு. நாலுல ஒண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு."

அவளுக்குக் கடன் வாங்கத் தெரிந்திருந்தது. பத்தினிடத்தில் ஒன்றைக் குறைக்கத்தான் தெரியவில்லை. நான் இரண்டு வாரமாக அவளுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிப்பித்து, கடைசியில் ஏச்சும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்க் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். 42 − 17 இல் ஒரு பிள்ளை 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் 5, நாலிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3. விடை 35. இன்னொரு பிள்ளை சரியாகக் கடன் வாங்கிப் பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழித்தால் 5, நாலைக் குறைக்க மறந்தால் 3. அதுவும் 35. இரண்டு வேறு வேறு விளக்கக் குறைவுகள் வந்து விழுகிற இடம் ஒன்று. என் வினா இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டது.

காரணம் சின்னது. ஒன்றினிட இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இப்படித்தான் நடக்கும். 7 க்கும் 2 க்கும் வித்தியாசம் 5. பத்தைக் கடன் வாங்கினாலும் மிஞ்சுவது 5. வித்தியாசத்தை மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். அதனால் இரண்டு புது வினாக்கள் எழுதினேன்:

43 − 17 = ?
(1) 34  (2) 26  (3) 36

52 − 28 = ?
(1) 36  (2) 34  (3) 24

முதலாவதில் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிற பிள்ளை 34 க்குப் போகும், பத்தினிடத்தைக் குறைக்காத பிள்ளை 36 க்குப் போகும். இரண்டாவதில் அதே எண்கள் மாறி வருகின்றன. முதலாவது பிள்ளைக்கு 36, மற்றப் பிள்ளைக்கு 34. ஒரே பிள்ளை இரண்டிலும் 34 போட்டால் அது பெரும்பாலும் குருட்டடி, அல்லது பக்கத்துக் கொப்பி.

இரண்டு வினா ஏன் என்று கேட்பீர்கள். மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒரு தடவை நான் எதிர்பார்க்கிற பிழை வந்துவிடும். ஒரு வினாவை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் முடிவெடுக்க முடியாது. இரண்டிலும் ஒரே பாதையில் பிழைத்தால், கூப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கேட்காமல் விட இனி எனக்குத் துணிவில்லை.

ஒவ்வொரு வினாவுக்கும் கீழே 'என் விடை இதில் இல்லை: ____' என்று ஒரு கோடும் போட்டேன். தனக்கு வந்த விடை தாளில் இல்லாவிட்டால் ஏழு வயதுப் பிள்ளை ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடும். அந்தக் கோட்டில் ஒருவன் 30 என்று எழுதினான். 'மூணுல ஏழு போகாது, அப்ப ஒண்டும் இல்ல' என்று பூச்சியம் போட்டிருக்கிறான். அந்த விடை என் மண்டைக்கு எட்டவே எட்டாது. பிழையான விடைகளை நாங்கள் இருந்து கற்பனை பண்ணுவதைவிட, முதலில் விடை கொடுக்காமல் அதே கணக்கைச் செய்ய விட்டு, கொப்பியில் வருகிற பிழைகளைப் பொறுக்கிப் போடுவது நல்லது.

அந்த 11 பேருக்கும் புது வினாக்களைக் கொடுத்தேன். நாலு பேர் இரண்டும் சரி. மூன்று பேர் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறவர்கள். அவர்களைக் கேட்டால், "பெரிசுல இருந்துதான் சின்னத எடுக்கணும் எண்டு சொல்லித் தந்தாங்க" என்கிறார்கள். சொல்லிக் கொடுத்தது வேறு யாருமில்லை, தரம் 2 இலும் இந்த வகுப்புக்கு நான்தான். கடன் வாங்காத கணக்குகளுக்கு அந்த வசனம் பொருந்தியது, அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் பத்தினிடத்தைக் குறைக்காதவர்கள், மகளும் அதற்குள். மிச்சம் ஒன்று அந்த 30 போட்டவன்.

மகளிடம் கேட்டேன், "நீங்க எடுத்த பத்து எங்கால வந்திச்சு?"

"டின்ல இருந்து."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈர்க்குக் கட்டை அவிழ்த்தால் இறப்பர் பட்டி அறுந்துவிடுகிறது என்று, பால்மா டின் ஒன்றில் உதிரி ஈர்க்குகள் வைத்திருந்தேன். கட்டு ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு டின்னிலிருந்து பத்தை எண்ணி எடுத்து வைப்பேன். நான் கட்டைத் தள்ளியதை அவள் கவனிக்கவில்லை. அவள் கண்டது டின்னிலிருந்து வந்த பத்தைத்தான். நாலு கட்டும் அவளைப் பொறுத்தவரை மேசையிலேயே இருந்தன. அவள் கண்டதையே செய்திருக்கிறாள்.

1978 இல் ஜோன் சீலி பிரவுன், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றித்தான் எழுதினார்கள். கழித்தலில் பிள்ளைகள் விடுகிற பிழைகளில் பல கவனக் குறைவு அல்ல, ஒரு பிழையான வழியைப் பிசகாமல் பின்பற்றுவதால் வருபவை என்று. கல்லூரிக் காலத்தில் நான் இதைக் குறிப்பெடுத்தும் வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனையைக் கையில் எடுத்தபோது ஞாபகம் வரவில்லை.

டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது கட்டை அவளே அவிழ்க்கிறாள். பட்டி அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது நாள் 43 − 17 க்கு 26 எழுதினாள். உம்மாவைக் கூப்பிட்டு, கொப்பியில் நான் எழுதியதை அவர் முன்னாலேயே வெட்டிவிட்டு, பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல டீச்சர்" என்றார். மகள் சிரிக்கவில்லை.

இப்போது எண்களை எழுதுவதற்கு வினா தயாரிக்கிறேன். 'தொண்ணூற்று ஆறு' என்றால் சிலர் 906 எழுதுகிறார்கள். 90 ஐ எழுதிவிட்டு 6 ஐ ஒட்டுகிறார்களா, இல்லை தொண்ணூறுக்குள் இருக்கிற 'நூறு' காதில் விழுந்து குழம்புகிறார்களா? பிரித்தறிய 'எண்பத்து ஆறு' என்பதையும் சேர்த்துப் போடப் போகிறேன். அதற்கு 806 எழுதினால் ஒட்டுகிற பிள்ளை. 86 ஐச் சரியாக எழுதிவிட்டு 906 இல் மட்டும் விழுந்தால் 'நூறு'தான் சிக்கல் என்று சந்தேகப்படலாம். உங்கள் வகுப்புக் கொப்பிகளில் இந்த இரண்டுக்கும் வேறு என்ன பிழைகள் வருகின்றன? பிள்ளையின் பெயர் வேண்டாம், பிழையான எண்ணை மட்டும் கீழே எழுதுங்கள்.