கொதிக்காத தண்ணி

செமஸ்டர் ஸ்டடி லீவுல உளுந்தூர்பேட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணி. தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் மடியில இருக்கு, தூக்கம் கண்ணுல இருக்கு. ஒரு காபி குடிச்சா இன்னும் ரெண்டு யூனிட் ஓடும்னு எழுந்தேன். கேஸ் அடுப்பைப் பத்த வெச்சா ஆயா முழிச்சுக்கும். அதனால அக்கா கொடுத்துட்டுப் போன மைக்ரோவேவ் ஓவன்ல, புதுசா வாங்கின கண்ணாடி கப்புல தண்ணி வெச்சு ரெண்டு நிமிஷம் ஓட விட்டேன்.

அதுக்குள்ள ஃப்ரெண்ட் போன் பண்ணிட்டான். பேசிட்டுத் திரும்பி வந்தா தண்ணி ஆறிப்போச்சு. மறுபடி ரெண்டரை நிமிஷம் வெச்சேன். கதவைத் திறந்து பார்த்தா ஒரு குமிழி கூட இல்ல. "இன்னும் சூடாகல போல"ன்னு நினைச்சு கப்பை எடுத்து மேடையில வெச்சு, ஒரு ஸ்பூன் காபித்தூளைப் போட்டேன்.

'புஸ்'ஸுனு ஒரு சத்தம். பாதித் தண்ணி மேல எழும்பி என் வலது கை மேல கொட்டிருச்சு. அலறல் கேட்டு ஆயாவும் அம்மாவும் ஓடி வந்தாங்க. ஆயா பேனா மை தேடிச்சு. அம்மா அதைத் தடுத்து, என் கையைக் குழாய்த் தண்ணிக்கு அடியில இருபது நிமிஷம் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. கொப்புளம் சின்னதா நின்னதுக்கு அதுதான் காரணம்.

கையைத் தண்ணியில வெச்சுக்கிட்டே யோசிச்சேன். கொதிக்காத தண்ணி எப்படி வெடிக்கும்?

அடுப்புல பாத்திரத்தோட அடிப்பக்கம்தான் தண்ணியை விட அதிக சூடு. அங்க இருக்குற கீறல்லயும் குழியிலயும் கொஞ்சம் காத்து சிக்கியிருக்கும். அந்தக் காத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நீராவிக் குமிழி வளரும். ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒரு குமிழி புதுசா பிறக்கணும்னா, தண்ணியோட பரப்பு இழுவிசை அதை அமுக்கிரும். குமிழி எவ்வளவு சின்னதோ, அமுக்கம் அவ்வளவு அதிகம்.

மைக்ரோவேவ்ல தண்ணி நேரடியா சூடாகும், கப்பு அதை விடக் குளிர்ச்சியா இருக்கும். புதுக் கண்ணாடியில கீறலும் இல்ல. தண்ணியில கரைஞ்சிருந்த காத்தோ, முதல் தடவை சூடாக்கினப்பவே பெரும்பாலும் போயிருச்சு. ஆக குமிழி பிறக்க இடமே இல்லாம, தண்ணி அமைதியா 100 டிகிரியைத் தாண்டிரும். நான் போட்ட காபித்தூள்ல ஆயிரக்கணக்கான காத்து இடுக்கு. தண்ணி காத்திருந்தது அதுக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 250 மில்லி தண்ணி வெறும் 5 டிகிரி கூடுதலா சூடாகியிருக்குன்னு வைங்க. 250 × 4.2 × 5, அதாவது சுமார் 5,250 ஜூல் கூடுதல் வெப்பம். ஒரு கிராம் தண்ணியை ஆவியாக்க சுமார் 2,257 ஜூல் வேணும். அப்போ 2.3 கிராம் உடனே ஆவியாகும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா ஒரு கிராம் நீராவி ஏறக்குறைய 1.7 லிட்டர் இடம் கேக்கும். மொத்தம் கிட்டத்தட்ட நாலு லிட்டர். ஒரு சின்ன கப்புக்குள்ள இருந்து நாலு லிட்டர் கிளம்பினா தண்ணியையும் தூக்கிட்டுதான் போகும்.

கெமிஸ்ட்ரி லேப்ல காய்ச்சி வடிக்கும்போது பீங்கான் துண்டு போடச் சொல்வாங்களே, அது இதுக்குத்தான். மார்க்குக்காகப் போட்டுட்டு வந்துட்டோம்.

இப்ப எங்க வீட்டுல வழக்கம் மாறிருச்சு. சூடாக்கும் முன்னாடியே கப்புல ஒரு மரக்குச்சி போட்டுருவோம், ஐஸ் குச்சி கூடப் போதும். எவர்சில்வர் ஸ்பூன் வேண்டாம், தீப்பொறி வரலாம். நேரத்தையும் அளவா வைப்போம். 800 வாட் ஓவன்ல 250 மில்லி தண்ணி 30 டிகிரியில இருந்து கொதிநிலைக்கு வர, கணக்குப்படி 92 வினாடி. கொஞ்சம் வீணாகும்னு வெச்சாலும் ரெண்டு நிமிஷம் போதும். பாதியில நிறுத்தி ஒரு கலக்கு. முடிஞ்சதும் கதவைத் திறக்காம ஒரு நிமிஷம் விடணும். பொடி, சர்க்கரை எல்லாம் அப்புறம்தான், அதுவும் முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டு. ஒரு தடவை சூடாக்கின தண்ணியைத் திரும்ப வெக்கணும்னா, கொஞ்சம் பச்சைத் தண்ணி சேர்த்துக்கிறது நல்லது.

பால்ல கதை வேற. அது ஆடை கட்டி, நுரைச்சுப் பொங்கி வழிஞ்சு தன்னைக் காட்டிக் கொடுத்துரும். அதனால பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. ஆனா பால்ல ஒளிஞ்சிருக்குற ஆபத்து ஒண்ணு உண்டு: சூடு ஒரே சீரா ஏறாது. ஒரு பக்கம் வெதுவெதுன்னு இருக்கும், இன்னொரு பக்கம் நாக்கைச் சுடும். அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. அவனுக்குப் பால் சூடு பண்ணினா நல்லா கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துதான் தர்றோம். கைக்குழந்தையோட பால் புட்டியை மைக்ரோவேவ்ல வெக்கவே வேண்டாம். புட்டி தொட்டா ஆறின மாதிரி இருக்கும், உள்ள பால் சுடும். வெந்நீர்ல புட்டியை நிறுத்தினாலே போதும்.

மறுநாள் அம்மாகிட்ட இதையெல்லாம் விளக்கினேன். பக்கத்துல இருந்த ஆயா கேட்டுச்சு, "அடுப்புல வெச்சா சளசளன்னு சத்தம் போட்டுச் சொல்லும். இது ஒண்ணும் சொல்லலன்னா நீதானடா பாத்துக்கணும்?"

அந்த சப்ஜெக்ட் பாஸ் ஆயிட்டேன். கையில தழும்பு மட்டும் இன்னும் இருக்கு.