எழுதாத அலிஃப்

எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபி படிக்கத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வளைகுடாவிலிருந்து கடிதம் வந்தால், “பாய், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

பூந்தமல்லி மத்ரஸாவில் ஜபர், ஜேர், பேஷ் எல்லாம் போட்ட எழுத்தில்தான் ஓதிப் பழகினேன். எழுத்தின் தலைமேல் ஜபர் சாய்ந்து கிடந்தால் குறில் ‘அ’, நிமிர்ந்து நின்றால் நெடில் ‘ஆ’. நிமிர்ந்ததை ஹஜ்ரத் ‘கடா ஜபர்’ என்பார். அரபு இலக்கணத்தில் அது குத்துவாள் அலிஃப். கடிதத்தில் இந்தக் குறிகள் ஒன்றுமே இருக்காது.

வால்வு ஆர்டர் பற்றிய ஒரு கடிதத்தில் லாம், காஃப், நூன் என்று மூன்றே எழுத்து. நெடில் எழுத்து ஒன்றும் இல்லாததால் எல்லாம் குறில் என்று வைத்துப் பார்த்தேன். ‘லகுன்ன’ என்று வந்தது. ‘பெண்களே, உங்களுக்கு’ என்று பொருள்! வால்வுக் கடிதத்தில் பெண்கள் எங்கே வந்தார்கள்? அடுத்து ஒரு முழு வாக்கியம் முந்தியதை மறுத்து வந்த பிறகுதான் பிடிபட்டது. அது ‘லாகின்’, அதாவது ‘ஆனால்’. எத்தனையோ தடவை ஓதிய சொல்தான். காதுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

குர்ஆன் ஏட்டில் ஏறிய தொடக்க காலத்தில் சொல்லின் நடுவே வரும் ‘ஆ’வைப் பல இடங்களில் எழுதாமல் விட்டார்கள். அது நபாத்தேயர் எழுத்திலிருந்து வந்த பழக்கம். பின்னால் வந்தவர்கள் அந்த எழுத்துகளில் கைவைக்காமல், மேலே சின்ன அலிஃபை மட்டும் சேர்த்தார்கள். இன்றைய சாதாரண அரபியிலோ ‘கிதாப்’, ‘சுலைமான்’ போன்ற சொற்களுக்கு முழு அலிஃபே வந்துவிட்டது. அன்றாடம் புழங்கும் ஒரு கைப்பிடிச் சொற்கள்தாம் பழைய கோலத்திலேயே நிற்கின்றன: அல்லாஹ், அர்ரஹ்மான், ஹாதா, ஹாதிஹி, தாலிக, லாகின், உலாயிக.

இவற்றுக்குள் விதி தேடினால் தலை சுற்றும். ‘தாலிக’வில் அலிஃப் இல்லை; அதன் உடன்பிறப்பான ‘தாக’வில் இருக்கிறது. ‘ஹாதா’வின் கடைசி ‘ஆ’ எழுத்தில் தெரியும், முதல் ‘ஆ’ தெரியாது. ‘உலாயிக’ இன்னும் மோசம்: எழுதிய வாவுக்கு ஒலி கிடையாது, ஒலிக்கும் ‘ஆ’வுக்கு எழுத்து கிடையாது. அதனால் எழுத்துக் கூட்டுவதை விட்டுவிட்டு, குறி போட்ட குர்ஆனில் இந்தச் சொற்களைத் தேடி, பக்கத்திலேயே குறியில்லாமல் எழுதி, முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்பதுபோல் முழுச் சொல்லாகப் பழகினேன். பட்டியல் சின்னது என்பதால் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. ‘தாஹா’ என்ற பெயர்தான் கடைசிவரை முரண்டு பிடித்தது. அதில் இருப்பது இரண்டே எழுத்து, இரண்டுமே நெடில், அலிஃப் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.