இரண்டு வாரத்துக்கு என் பிள்ளைகள் உங்களிடம்

செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு எடுத்தால், பக்கத்துப் பள்ளியிலிருந்து யாராவது மாற்றுப் பணியில் வருவார்கள். இல்லையென்றால் அடுத்த வகுப்பு டீச்சரே இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைப்பார். யார் வந்தாலும் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்பதைப் பாடக்குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளத்தான் ஏடு எதுவும் கிடையாது. அதனால் நான் மெனக்கெட்டு எழுதுவது அவர்களைப் பற்றிய பக்கத்தைத்தான்.

அதில் குணம் எழுத மாட்டேன். ‘கவனம் போதாது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், வருகிறவர் முதல் நாளே அந்தப் பிள்ளையை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். கண்ணுக்கு என்ன தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டும் எழுதுவேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு வலிப்பில் ஒரு வகை இருக்கிறது. விழ மாட்டாள், கை கால் இழுக்காது. படித்துக்கொண்டே இருப்பவள் பாதிச் சொல்லில் நின்றுவிடுவாள். பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும், சில சமயம் இமை துடிக்கும். பத்து நொடி, அதிகம் போனால் இருபது நொடியில் தெளிந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்வாள். தெரியாதவர் கண்ணுக்கு இது பகல் கனவு. கனவில் இருக்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இவள் திரும்ப மாட்டாள். அவளுக்காக நான் எழுதியது இது: “அதட்ட வேண்டாம், உலுக்க வேண்டாம். தெளிந்ததும் விட்ட வரியை விரலால் காட்டுங்கள். சொல்வதெழுதுதலில் இரண்டு சொல் விட்டிருந்தால் மறுபடி சொல்லுங்கள். எத்தனை தடவை வந்தது என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள், டாக்டர் கேட்பார். பலூன் ஊதும் விளையாட்டு வேண்டாம், வேகமாக மூச்சு இழுத்துவிட்டால் இது வரும். ஒருவேளை உடம்பு உதறி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.” கடைசி வரியைத் தலைமை ஆசிரியரிடமும் வாயால் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அடுத்தவன் பீகாரிலிருந்து வந்த பையன், அப்பாவுக்கு ஒரகடத்தில் வேலை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். இவன் தமிழில் அரும்பு, கணக்கில் மலர். புதிதாக வருகிறவர் தமிழை வைத்து அவனை நாள் முழுக்க அரும்பிலேயே விட்டுவிடுவார்; கணக்கு வேளையில் தெரிந்த கணக்கையே போட்டுச் சலித்துப்போவான். வாக்கியக் கணக்கை மட்டும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், கூட்டல் கழித்தலை அவனே போட்டுவிடுவான். எ, ஏ இரண்டையும் ஒன்றாகவே படிப்பான். இந்தியில் அந்தக் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ‘தப்பு’ என்று சொல்லாமல், செடி, சேவல் என்று இரண்டு படங்களைக் காட்டி அவன் வாயால் சொல்ல வைத்தால் போதும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. நிறைய அம்மாக்கள் கம்பெனி ஷிப்டில் இருக்கிறார்கள், பல இடங்களில் ஷிப்ட் வாரம் தவறாமல் மாறும். ஆகவே இரண்டு வார விடுப்பு என்றால் வீட்டில் இரண்டு விதமான வாரங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் அம்மா விடியுமுன் கம்பெனி பஸ் ஏறியிருப்பார். பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவோடு வரும். அது காலை உணவுக்கு வந்து உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அம்மா திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும், வீட்டுப்பாடத்தில் கையெழுத்து இருக்காது. அதற்காக எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. எந்த வாரம் எந்த ஷிப்ட், மாலையில் யாரிடம் அனுப்பலாம் என்று பிள்ளை வாரியாக எழுதி வைப்பேன். பட்டியலில் இல்லாத மாமா வந்து நின்றால் வீட்டுக்கு ஒரு போன் போடாமல் அனுப்ப வேண்டாம்.

நோய் பற்றிய தாள் தனி. பெற்றோரிடம் கேட்டுவிட்டு எழுதுவது அது. மேசையில் கிடக்கக் கூடாது. வருகிறவர் கையில் நேரில் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வேன்.

மாற்றுப் பணியில் வரும் டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். நான் எழுதியதற்கு மாறாக ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால், நாள் போட்டு அங்கே எழுதிவிட்டுப் போங்கள்.