போகும் வழியும் திரும்பும் வழியும்

குடும்பம் ஊர் மாறும்போது கட்டிலையும் பெட்டியையும் லொறியில் ஏற்றிவிடலாம். புதிய ஊரின் வழக்கத்தை முன்கூட்டியே வரவழைத்துக்கொள்ள ஒரு வழிதான் உண்டு. அயலவருக்குக் கடிதம் எழுதுவது. எமது அடுத்த வீட்டுக்குக் குடிவரவிருக்கும் ஓர் ஆசிரியை மட்டக்களப்பிலிருந்து அவ்வாறே எழுதியிருந்தார். தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அவருக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் பதுளைப் பட்டணத்துப் பாடசாலையில் இடம் கிடைத்துவிட்டது. மகன் ஐந்தாம் வகுப்பு. மகள் இரண்டாம் வகுப்பு. கணவரோ உத்தியோக நிமித்தம் சில மாதங்கள் மட்டக்களப்பிலேயே தங்கவேண்டியவர்.

"ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்" என்று தொடங்கிய அக்கடிதத்தில் மூன்று வினாக்கள் இருந்தன. "சாமான் வாங்க எந்தக் கடை நல்லது? காலையில் பஸ் எத்தனை மணிக்கு? பிள்ளைகளைப் பாடசாலையில் கொண்டுபோய் விடுவதற்கு அங்கே எல்லோரும் என்ன ஒழுங்கு செய்கிறார்கள்?" நியாயமான வினாக்களே. ஆயினும் மறுமொழி எழுத உட்கார்ந்தபோது, மூன்றும் போவதைப் பற்றியே கேட்கின்றன, திரும்பி வருவதைப் பற்றி ஒன்றேனும் இல்லை என்பது எமக்குப் புலனாயிற்று. சமவெளியில் போன வழியே திரும்பலாம். மலைநாட்டில் திரும்புவது வேறொரு கணக்கு. ஆகவே அவர் கேட்டவற்றோடு கேளாதவற்றையும் சேர்த்து எழுதினோம். அதன் சாரத்தை வாசகர்களுக்கும் இங்கே தருகின்றோம்.

முதலில் வீதியைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்பாருக்கு அது புதிய வீதியன்று. செங்கலடியில் 'பதுளை வீதி' என்று எதனைச் சொல்கிறார்களோ, அதுவே மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக ஏறி எமது வாசலுக்கு வருகிறது. இங்கே அதற்குப் 'பசறை வீதி' என்று பெயர். வீதியோரத்தில் கிலோமீற்றர்க் கற்களே நின்றாலும், எமது மக்கள் இன்றும் பதுளையிலிருந்து மைல் எண்ணிக் 'கட்டை' என்றே இடம் சொல்வார்கள். எமது வீடு ஆறாம் கட்டை. அதாவது பட்டணத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். கல்லில் உள்ள எண்ணைச் சொல்லி நடத்துநரிடம் சீட்டுக் கேட்டால் அவர் விழிப்பார். கட்டையைச் சொன்னால் இறக்கிவிடுவார்.

இனிப் பஸ். பிரதான வீதியில் இ.போ.ச. வண்டிகளும் தனியார் வண்டிகளும் ஓடுகின்றன. பசறை, லுணுகலை, மொனராகலை என்று பலகை போட்ட வண்டிகள் பல உண்டு. அவற்றுள் தூரப் பயண வண்டிகள் சிறு தரிப்பிடங்களில் நிற்பதில்லை. அவற்றை எண்ணிக்கையில் சேர்த்து ஏமாறக்கூடாது. தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸின் இயல்போ முற்றிலும் வேறு. பெரும்பாலும் ஒரே வண்டிதான் ஏறும். அதுவே மேலே திரும்பி இறங்கும். மாலையில் கடைசியாக ஏறும் வண்டி இரவு மேலேயே தங்கும். சாரதியும் நடத்துநரும் அங்கேயே படுத்தெழும்பி, அதிகாலையில் அதே வண்டியை முதல் பஸ்ஸாகக் கீழே கொண்டுவருவார்கள். ஆதலின் காலை பஸ் வருமா என்பதை முதல்நாள் மாலையிலேயே அறியலாம். இரவு வண்டி மேலே ஏறிய சத்தம் கேட்கவில்லையாயின், விடியற்காலையில் தரிப்பிடத்தில் காத்து நிற்பதிற் பயனில்லை. தோட்டத்து மக்கள் இதனை நேர அட்டவணை பார்த்து அறிவதில்லை, காதால் அறிகிறார்கள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்பதோடு, "அது எங்கிருந்து புறப்படுகிறது? இரவு எங்கே தங்குகிறது?" என்றும் கேட்கவேண்டும் என்று எழுதினோம்.

பிள்ளைகளுக்குப் பருவச் சீட்டு எடுத்தால் செலவு குறையும். ஆனால் இ.போ.ச. பருவச் சீட்டைத் தனியார் வண்டியில் ஏற்கமாட்டார்கள் என்பதால், கையில் சில்லறையும் இருக்கவேண்டும். 2005 இல் தொடங்கப்பட்ட 'சிசு செரிய' என்னும் மாணவர் பஸ் சேவை பாடசாலை நாட்களில் மட்டுமே ஓடும். விடுமுறையில் வகுப்பு வைத்தாலும் அது வராது.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீதியோரக் கடையில் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் கிடைக்கும். அங்கே கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குவோரே அதிகம். தோட்டச் சம்பளம் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அந்த நாட்களில் கடையில் கூட்டம் நெருக்கும். அதற்குமுன் சில சாமான்கள் தீர்ந்திருக்கும். ஐந்தாம் ஆறாம் திகதியில் வாங்கினால் நெரிசலும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் முச்சக்கர வண்டி வரும். பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடை பூட்டு. மருந்துக் கடைக்குப் பட்டணத்துக்கே போகவேண்டும் என்பதால், பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து எப்போதும் வீட்டில் இருக்கவேண்டும். இங்கும் திரும்பும் கணக்கு உண்டு. நெரிசலான பஸ்ஸில் எரிவாயுச் சிலிண்டரோடு ஏற முடியாது. பட்டணத்தில் விலை குறைவென்று வாங்கி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தால், மிச்சம் பிடித்தது வாடகைக்குப் போய்விடும். பாரமானதை வீதியோரக் கடையிலும், இலேசானதைப் பட்டணத்திலும் வாங்குவது எமது வழக்கம்.

மூன்றாவது வினாவே முக்கியமானது. தாயின் பாடசாலை மேலே. பிள்ளைகளின் பாடசாலை கீழே. இரண்டிலும் காலை 7.30க்கு மணி அடிக்கும். ஆகவே கணக்கைப் பின்னிருந்து போட்டோம். பஸ் நிலையத்திலிருந்து பாடசாலைக்குக் கால்மணி நேர நடை. ஆறாம் கட்டையிலிருந்து பட்டணத்துக்கு, வளைவுகளிலும் தரிப்பிடங்களிலும் நின்று நின்று, காலை நேரத்தில் நாற்பது நிமிடம் ஆகும். எனவே பிள்ளைகள் 6.30க்குள் பஸ் ஏறவேண்டும். தாய்க்கு ஏற்ற பஸ் பட்டணத்திலிருந்து புறப்பட்டு, சுமார் 6.45க்கு எமது கட்டையைத் தாண்டும். பிள்ளைகளை ஏற்றிவிட்டு, வீதியின் மறுபக்கம் போய்த் தம் வண்டியைப் பிடிக்க அவருக்குப் போதிய நேரம் உண்டு. தாளில் கணக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஏழு வயதுச் சிறுமியைப் பத்து வயதுச் சிறுவனின் கையில் ஒப்படைத்து, பட்டணத்து வீதியைக் கடக்கச் சொல்வது எவ்வாறு?

அதற்காகவே பாடசாலை வேன் இருக்கிறது. வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவார்கள், மாதக் கட்டணம். வேன்காரரிடம் கட்டணத்துக்கு முன் கேட்கவேண்டியவை சில உண்டு என்று எழுதினோம். எத்தனை ஆசனம், எத்தனை பிள்ளைகள்? கதவைத் திறந்து பிள்ளையை இறக்க உதவியாளர் இருக்கிறாரா? இறங்கிய பிள்ளை வீதியைக் கடக்கவேண்டியிருந்தால் கையைப் பிடிப்பவர் யார்? விடுமுறை மாதத்துக்கும் பணம் கட்டவேண்டுமா? வேன் பழுதானால் யாருக்கு அறிவிப்பார்? இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்பவரை நம்பலாம்.

காலை இவ்வாறு தீர்ந்தாலும் மாலை தீரவில்லை. இரண்டாம் வகுப்பு முன்னதாகவே கலைந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மேலதிக வகுப்பு இருக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருவார்கள். தாயோ அப்போதும் மலைமேல் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். வேன் ஒருமுறைதான் வருமாயின், தங்கை அண்ணனுக்காக எங்கே காத்திருப்பாள்? எனவே பட்டணத்தில் ஒரு வீட்டை முதலில் தேடிக்கொள்ளும்படி எழுதினோம். பாடசாலைக்கு நடை தூரத்தில், பகலில் ஆள் இருக்கும் வீடு. எமது இல்லத்தரசியின் உறவுக்காரர் ஒருவர் அதற்கு இசைந்திருக்கிறார். பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடியவர்கள் யார் யார் என்பதையும், தொலைபேசி எண்களையும் வகுப்பாசிரியையிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். தாய் சொல்லியனுப்பினார் என்று வாயால் சொல்லி வருபவரிடம் பிள்ளையை விடாதிருப்பதற்கு, அந்தத் தாளே ஆசிரியைக்கு ஆதாரம்.

கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. பாடசாலை மணியும் பிரட்டு நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விடலாம்; பாடசாலை வயதுப் பிள்ளையோ தானே நடந்து போய்த் தானே வரும். சில லயங்களில் பகல் வேளையில் ஒரு பாட்டி திண்ணையில் இருப்பார்; தொங்கலிலுள்ள பிள்ளைகள் எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் வீடு புகவேண்டும். பாட்டி இல்லாத லயத்தில் மூத்த பெண்பிள்ளை வகுப்பை விட்டு நிற்கிறாள். அந்த ஆசிரியை மேலே போய் வரவுப் பதிவேட்டைத் திறக்கும்போது, அடிக்கடி வராத பெயர்களுக்குப் பின்னால் இந்தக் காரணம் இருப்பதைக் காண்பார். அவர் தம் மகளுக்காகத் தேடிய வீட்டைப் போன்றதொன்று அந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டியிருக்கிறது.

மழையைப் பற்றியும் எழுதாமல் இருக்க இயலவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து வீதிகள் தடைப்பட்டன. பிள்ளை கீழேயும் தாய் மேலேயும் இருக்க, நடுவில் வீதி அறுந்தால், இரவு தங்குமிடம் அந்தப் பட்டணத்து வீடுதான். பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு மாற்றுடுப்பும், அந்த வீட்டின் பெயர் எழுதிய தாளும் இருக்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில், பஸ் ஓடினாலும் பிள்ளைகளை அனுப்பவேண்டாம். காலையில் ஓடிய பஸ் மாலையில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.

கடைசியாக ஒன்று எழுதினோம். என்றேனும் ஒருநாள் வேன் வராமல், அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் வரவேண்டி நேரலாம். நடத்துநருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். ஆதலின் வீட்டு விலாசத்தைக் கற்பிப்பதற்கு முன்பே, சிறுமிக்கு 'ஹயவெனி கணுவ' என்ற இரண்டு சிங்களச் சொற்களைக் கற்பித்துவிடுங்கள். ஆறாம் கட்டை என்பது அதன் பொருள். அதனைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையை, இந்த வீதியில் ஓடும் எந்த நடத்துநரும் வீட்டு வாசலுக்கு நேரே இறக்கிவிடுவார்.